வகுப்பில் படித்த கனவு

கே.ஜி.கண்டிகை
8.6.2025

பாஞ்சாலிக்கு,

இதை எழுதுவது நான்தான். தேசப்பன். உன் வீட்டுக்காரன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. நம்ப மாட்டாய், தெரியும். எழுத்தைப் பார். கோணலாக இருக்கும். அந்தக் கோணல் முழுக்க என்னுடையது.

ஷோபனாவின் பிரசவத்துக்கு நீ ஓசூர் போன பிறகு நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு ஆரம்பித்தார்கள். ராஜவேலுவின் மருமகள் நிர்மலாதான் சொல்லித் தருகிறாள். வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று சும்மா போய் உட்கார்ந்தேன். இப்போது நாலு மணியானால் கால் தானாக அங்கே போகிறது. உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். எழுதிக் காட்டிய பிறகுதான் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை.

"யாருக்காவது ஒரு கடிதம் எழுதி நிஜமாவே தபால்ல போடணும், தாத்தா. இதான் வீட்டுப் பாடம்" என்றாள் நிர்மலா. என் வீட்டுக்காரிக்கு எழுதுகிறேன் என்றேன். பக்கத்தில் இருந்த கிருஷ்ணன் சிரித்தான். "ஒரு போன் பண்ணா முடிஞ்சிது. இதுக்குப் போயி ஸ்டாம்பு வேற ஒட்டிகினு."

"போன்ல என் பொண்ணு ஸ்பீக்கர் போட்டுடறாடா. நான் தும்முனா மாப்பிள்ளைக்குக் கேக்குது" என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை திருத்தணி பஸ் நிலையத்தில் நின்று ஒவ்வொரு போர்டாகப் படித்தேன். அரக்கோணம். சோளிங்கர். கனகம்மாசத்திரம். திருவாலங்காடு படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது, பாதி ஊர்தான் எனக்குக் கிடைத்தது. ஒரு கண்டக்டர், "பெரியவரே, எங்க போவணும்?" என்று கேட்டார். "எங்கயும் இல்லப்பா, படிச்சிகினு இருக்கேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிரஷர் மாத்திரை அட்டையையும் நானே படித்துத்தான் போட்டுக்கொள்கிறேன். நீ கவலைப்படாதே.

என் பக்கத்துப் பாயில் பத்மா உட்காருகிறாள். கோயில் அடிவாரத்தில் பூக்கட்டுகிறவள். கனகம்மாசத்திரத்துக்காரி. நான் தப்பாக எழுதினால் கேட்காமலே ரப்பரைத் தள்ளிவிடுவாள். நான் எழுதுகிற 'ழ' வகுப்பிலேயே அழகு என்று அவள்தான் சொன்னாள்.

பேரப்பிள்ளைக்கு என் முத்தம். நீ எப்போது வருகிறாய்?

தேசப்பன்

(கையெழுத்து. இனிமேல் கைநாட்டு இல்லை.)


ஓசூர்
17.6.2025

பாவாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உறையின் மேல் என் பெயரைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை, "அத்தை, உங்களுக்கு யாரோ குழந்தை எழுதியிருக்கு" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துப் பிரித்தேன். படித்து முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். சந்தோஷம்தான். ஆனால் நாற்பது வருஷம் கூடவே இருந்த எனக்குச் சொல்லாமல் ஒருவர் எழுத்துக் கற்றுக்கொண்டார் என்பதை இன்னும் என்னால் சரியாக விழுங்க முடியவில்லை.

குழந்தை சிரிக்க ஆரம்பித்துவிட்டான். மாப்பிள்ளை சாயல். மூக்கு மட்டும் உங்களுடையது, பாவம்.

ஷோபனாவுக்கு முடி கொட்டுகிறது. தலை குளித்தால் தண்ணீர் போகும் துளை அடைத்துக்கொள்கிறது. நான்தான் குச்சியால் சுருட்டி எடுத்துப் போடுகிறேன். அழுதுகொண்டே டாக்டரிடம் போனாள். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உதிராமல் தங்கியிருந்த முடியெல்லாம் பெற்று மூன்று நான்கு மாதத்தில் ஒன்றாக உதிரும், தானாக வளரும், மருந்து வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அவளைப் பெற்றபோது எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. நீங்கள் பயந்துபோய்க் கரிசலாங்கண்ணி தேடி வயல் வயலாக அலைந்தீர்கள்.

இப்போது நான் எழுதுவதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரி, விடியற்காலையை ஒட்டி ஒரு கனவு. தலை வாரிக்கொண்டிருக்கிறேன். சீப்பை இழுத்தால் முடி கொத்தாக வருகிறது. வலியே இல்லை. மறுபடி வாரினால் மறுபடி கொத்து. கடைசியில் ஜடை முழுதும், வைத்த பூவோடு, கையில் வந்துவிட்டது. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் தலையில் ஒட்ட வைக்கப் பார்க்கிறேன். ஒட்டவில்லை. எழுந்ததும் தலையைத் தடவிப் பார்த்தேன். அப்படியே இருந்தது. ஆனாலும் நெஞ்சு அடங்க வெகு நேரமாயிற்று.

விடியற்காலைக் கனவு சீக்கிரம் பலிக்கும் என்பார்கள். முடி போவது போலக் கண்டால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்பார்கள். கெட்ட கனவு கண்டால் திரும்பத் தூங்கிவிட வேண்டும். எனக்குத் தூக்கம் வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையை ஒருதரம் நிர்மலாவிடம் காட்டுங்கள்.

அந்தப் பத்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா?

பாஞ்சாலி


கே.ஜி.கண்டிகை
29.6.2025

பாஞ்சாலிக்கு,

உன் கடிதம்தான் நான் என் கண்ணால் படித்த முதல் கடிதம். ஒரு நாள் முழுக்கப் படித்தேன். உன் எழுத்து இவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கொஞ்சம் இடம் விட்டு எழுது.

சந்தோஷத்தில் அதை வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போனேன். நிர்மலா, "சத்தமா படிங்க தாத்தா" என்றாள். எழுந்து நின்று படித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கனவு வந்த இடத்தில் நான் திணறியபோது கூட ஒருவரும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு கேட்டார்கள்.

பிறகு ஒரே விவாதம். கிருஷ்ணன் வீட்டுக்கு ஓடி பஞ்சாங்கம் கொண்டுவந்தான். பின்பக்கத்தில் கனவுக்குப் பலன் போட்டிருக்கிறது. நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். முடி நீளமாக வளரக் கண்டால் செல்வம். மழிக்கக் கண்டால் நஷ்டம். உதிரக் கண்டால் துக்கம். எனக்குப் பகீரென்றது. அப்புறம் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைத் திருப்பினால், உதிரக் கண்டால் கஷ்டம் தீரும் என்று இருக்கிறது! இரண்டும் அச்சில்தான் இருக்கிறது. எதை நம்புவது? படிக்கத் தெரியாதபோது இந்தத் தொல்லை இல்லை.

நிர்மலா காலேஜில் மனசைப் பற்றிப் படித்தவள். அவள் வேறு சொன்னாள். "கனவு பகல்ல பாத்ததைத்தான் எடுத்துக்கும் தாத்தா. பாட்டி தினம் துளையில இருந்து முடி எடுத்துகினு இருக்காங்க இல்ல, அதான் முடி. ஆனா அது பொண்ணு முடி. கனவுல ஏன் தன் முடியா விழுதுன்னு பாக்கணும். எதையோ இழந்துடுவோம்னு பயம் இருந்தா அப்படி வரும். யாரோ சாவாங்கன்னு எல்லாம் இல்ல."

பத்மா கடைசியாகச் சொன்னாள், "எந்தப் பொம்பளைக்கு எது மேல கர்வமோ அதுதான் கனவுல கழண்டு வரும். உங்க வீட்டம்மாவுக்கு முடின்னா ரொம்பப் பெருமையோ?"

"ஆங், பின்னே? திருத்தணியிலேயே அப்படி ஒரு ஜடை கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

பத்மா வீட்டுக்காரர் போய் ரொம்ப நாளாயிற்றாம்.

உடனே பதில் எழுது. இன்னும் கனவு வந்தால் அதையும் எழுது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தேசப்பன்


ஓசூர்
9.7.2025

பாவாவுக்கு,

எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா? நல்லது. இதையும் நின்றுகொண்டு படியுங்கள். உங்கள் பெண்டாட்டிக்குக் கர்வம், அது கழன்று விழுகிறது, ஒரு பூக்காரி அதற்குப் பலன் சொல்கிறாள். கை தட்டச் சொல்லுங்கள்.

நான் பெற்ற பெண்ணிடம் சொல்லாததை உங்களிடம் சொன்னேன். என் அம்மா போன பிறகு நான் யாரிடமும் கனவு சொன்னதில்லை. அதை எடுத்துக்கொண்டு போய் வீட்டுப் பாடமாக்கிவிட்டீர்கள்.

கனவு வந்தால் எழுது என்றீர்கள். வந்தது. உங்கள் கடிதம் வந்த அன்றே வந்தது. மலைமேல் மொட்டை அடிக்கும் மண்டபம். வரிசையில் நிற்கிறேன். நான் சீட்டு வாங்கவில்லை, எனக்கு வேண்டுதலும் இல்லை. ஆனாலும் வரிசை என்னைத் தள்ளிக்கொண்டு போகிறது. கத்தி வைத்திருப்பவர் முகம் தெரியவில்லை. தண்ணீர் தெளித்தபோது தலை சில்லென்றதும், கத்தி நெற்றியிலிருந்து பின்னால் போகும் அந்தச் சத்தமும் இன்னும் காதில் இருக்கிறது. என் ஜடை மடியில் விழுகிறது. அதை ஒருத்தி வந்து எடுத்துச் சவுரி போலத் தன் கொண்டையில் சொருகிக்கொள்கிறாள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்று சுவரில் எழுதியிருப்பதை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவள் தப்பைத் திருத்துகிறாள். இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். நான் கூப்பிடுகிறேன். நீங்கள் திரும்பவே இல்லை.

அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கனவில் நன்றாகத் தெரிந்தது. அழகாகத்தான் இருந்தாள்.

ஷோபனா என்னை இங்கேயே இருந்துவிடச் சொல்கிறாள். அவள் வேலைக்குத் திரும்பினால் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். சரி என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. மாத்திரையைக்கூட நீங்களே படித்துப் போட்டுக்கொள்கிறீர்கள்.

என் புடவைகளை யார் மூலமாவது கொடுத்தனுப்புங்கள்.

பாஞ்சாலி


கே.ஜி.கண்டிகை
20.7.2025

பாஞ்சாலி,

இதை வகுப்பில் படிக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். சாத்தியும் உன் குரல் வெளியே கேட்டிருக்கும் போலிருந்தது.

நான் செய்தது தப்பு. எனக்குப் படிக்க வந்துவிட்டது என்று காட்ட ஒரு கடிதம் வேண்டியிருந்தது. அது உன்னுடையது என்று அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. எழுத்துத் தெரியாதவனுக்குக் கடிதம் என்றாலே யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவதுதான். இத்தனை வருஷம் எனக்கு வந்ததெல்லாம் நீ கூடத்தில் உட்கார்ந்து எல்லோர் காதிலும் விழப் படித்ததுதானே. வாய்க்குள்ளேயே படித்து மனசிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குப் புதுசு.

பத்மாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவள் தலையில் சவுரி சொருக இடமே இல்லை. பங்குனியில் மொட்டை போட்டவள். மகன் பைக்கிலிருந்து விழுந்து பிழைத்ததற்கு வேண்டுதல். இப்போது பள்ளிக்கூடத்துப் பையன் கிராப்பு மாதிரி இருக்கிறது. முன்னே இடுப்புக்குக் கீழே இருந்ததாம். "மொட்டை போட்ட அப்புறமும் ரொம்ப நாள் கனவுல எனக்கு ஜடை இருந்துது தாத்தா. எழுந்து தலையைத் தடவினா சொரசொரன்னு இருக்கும். சாமிக்குத்தானே குடுத்தோம்னு தேத்திக்குவேன்" என்றாள். உன் கனவு கேட்ட அன்றைக்கு அவள் அப்படிப் பேசியது உன்னைக் கேலி செய்ய இல்லை. அவளும் தன் முடியை நினைத்துத்தான் பேசினாள். மேலும் அவள் என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுகிறாள். எனக்கே அது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

உனக்குப் பிடிக்கவில்லை என்றால் வகுப்பை விட்டுவிடுகிறேன். நாளையிலிருந்து போகவில்லை. கற்றதே போதும்.

புடவை அனுப்ப மாட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள்.

தேசப்பன்


ஓசூர்
31.7.2025

பாவாவுக்கு,

வகுப்பை விட வேண்டாம். விட்டால் அதையும் என் தலையில் போடுவீர்கள். ஊரே சொல்லும், பாஞ்சாலி அவரைப் படிக்க விடவில்லை என்று.

பத்மா மொட்டை போட்டவள் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். அன்றைக்கே எனக்கு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை. அதுதான் என்னை யோசிக்க வைத்தது. அவளிடம் இல்லாத முடியைப் பற்றி எனக்கென்ன பொறாமை? பிறகு எதற்கு மறுபடியும் அதே கனவு?

நிர்மலா சொன்ன மாதிரி பார்த்தேன். கனவு வந்த அன்று பகலில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். முதல் கனவு உங்கள் முதல் கடிதம் வந்த அன்று. மொட்டைக் கனவு இரண்டாவது கடிதத்தன்று. மூன்று நாளைக்கு முன் கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் நீங்கள் போனில் ஷோபனாவிடம், ரேஷன் கடையில் சீட்டை நானே படித்துத் தப்பைக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொன்னீர்கள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு மறுபடி சீப்பும் முடியும். துளையிலிருந்து நான் முடி எடுக்கிற நாளெல்லாம் கனவு வரவில்லை, பாவா. நீங்கள் ஏதாவது படித்த நாளில்தான் வருகிறது.

அந்தப் பூக்காரி சொன்னது சரிதான். எது மேல் கர்வமோ அதுதான் கழன்று விழும். ஆனால் என் கர்வம் முடி இல்லை. கனவுக்குக் கையில் முடி கிடைத்தது, அதைக் காட்டியது. என் கர்வம் வேறு. ஆஸ்பத்திரியில், பாங்கில், கரும்பு ஆலையில் உங்கள் பேரைக் கூப்பிட்டால் நான்தான் எழுந்து போவேன். நான் படித்துச் சொன்னதுதான் உங்களுக்கு உலகம். "பாஞ்சாலி இல்லன்னா தேசப்பனுக்குக் கண்ணு இல்ல" என்று ராஜவேலு சொன்னபோது, உங்களுக்காக வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். உள்ளே இனித்தது.

இப்போது உங்களுக்குக் கண் வந்துவிட்டது. நீங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்! கோணல் எழுத்தில் கூட அது தெரிகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பத்மாவைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்துத்தான் பொறாமை. கட்டினவரைப் பார்த்து வயிறெரிகிறவளை எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இங்கே குழந்தைக்கு நான் வேண்டும். தூக்கினால் அழுகையை நிறுத்துகிறான். அங்கே வந்து நான் என்ன செய்யட்டும்? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். யாரிடமும் கேட்காமல் எழுதுங்கள்.

பாஞ்சாலி


கே.ஜி.கண்டிகை
18.8.2025

பாஞ்சாலி,

பதில் எழுத நாளாகிவிட்டது. நாலு தாளைக் கிழித்தேன். இதில் இருக்கும் தப்பை நிர்மலா திருத்தவில்லை, பத்மா ரப்பர் கொடுக்கவில்லை.

முதலில் பெரிதாக ஏதாவது எழுதலாம் என்று பார்த்தேன். நீ இல்லாமல் எனக்குக் கண் தெரியவில்லை என்று. அது பொய். நன்றாகத் தெரிகிறது. இப்போதுதான் முதல் தடவையாகத் தெரிகிறது. சாப்பாட்டுக்கும் குறையில்லை, ராஜவேலு வீட்டிலிருந்து குழம்பு வருகிறது. உன்னிடம் பொய் எழுத இந்த எழுத்தை நான் கற்கவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் காவடி, எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். மறுநாள் விடியும்போது எனக்கும் கனவு வந்தது. நானும் அதே மண்டபத்தில் இருக்கிறேன். யாரோ என் கையில் ஒரு ஜடையைக் கொடுத்து, "உங்க வீட்டம்மாது, குடுத்துடுங்க" என்கிறார்கள். கனமாக இருக்கிறது. உன் எண்ணெய் வாசனை. உன்னைத் தேடுகிறேன். படி முழுக்கச் சந்தனத் தலைகள், ஆம்பளை பொம்பளை தெரியவில்லை. எதில் நீ என்று எனக்குத் தெரியவில்லை. சுவரில் எல்லாம் எழுதியிருக்கிறது, எல்லாவற்றையும் வேகமாகப் படிக்கிறேன். நிஜத்தில் எனக்கு அந்த வேகம் கிடையாது. எதிலும் நீ எங்கே என்று எழுதவில்லை. ஜடை என் கையில் கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பிக்கிறது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறேன்.

எழுந்தபோது தலையணையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. எனக்கே புரிந்தது. இவ்வளவு நாள் நான் சந்தோஷத்தில் துள்ளிக்கொண்டிருந்தபோது நீ எவ்வளவு தூரம் போய்விட்டாய் என்று பார்க்கவே இல்லை. உன் கனவில் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை என்று எழுதியிருந்தாயே, அது கனவு இல்லை, நடந்ததுதான்.

நீ இங்கே வந்து என்ன செய்வது என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. வேலை ஒன்றும் இல்லை. வந்து பொறாமைப்படு. அங்கே உட்கார்ந்து கனவில் பொறாமைப்படாதே. இங்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் திணறித் திணறிப் படிப்பதைக் கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொள். திட்டு. எனக்கு அது போதும்.

குழந்தையையும் நினைத்தேன். அவன் அழுதால் அது என் தப்பு என்று அவனிடம் சொல்.

தேசப்பன்


ஓசூர்
26.8.2025

பாவாவுக்கு,

நேற்று மறுபடி கனவு. முடி உதிர்ந்தது. இந்தத் தடவை பொறுக்கி எடுத்து மறைக்கவில்லை. உதிரட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, தூங்கிவிட்டேன்.

காலையில் ஷோபனாவிடம் ஊருக்குப் போகிறேன் என்றேன். "என்னம்மா திடீர்னு? இங்க உனக்கு என்ன குறை?" என்று அழுதாள். குறை ஒன்றும் இல்லை என்றேன். மாப்பிள்ளையின் அம்மா வந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வார்களாம். என் பேரன் அவர்கள் இடுப்பில் போய் ஒட்டிக்கொள்வான் என்று நினைத்தாலே எனக்கு எரிகிறது. என் குணம் மாறாது போலிருக்கிறது. தெரிந்துதானே கூப்பிட்டீர்கள்? ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

"அப்பா அப்படி என்னதான் எழுதினாரு? குடு, படிச்சிட்டுத் தர்றேன்" என்று ஷோபனா கையை நீட்டினாள்.

கொடுக்கவில்லை.

பாஞ்சாலி